1971 சட்டம் அப்படியே இருக்கும்போது பெரும்பாக்கம் எப்படி வந்தது?

முத்தரசி

வணக்கம். தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. சமூகவியல் படிக்கிறேன். நகர்ப்புறச் சமூகவியல் தாளுக்குக் குடிசைப்பகுதி அகற்றல், மறுகுடியமர்வு பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். சென்னையை எடுத்துக்கொண்டேன். ஓர் இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

1970இல் குடிசை மாற்று வாரியம் வருகிறது. 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்று எழுதிவைத்துக்கொண்டு, குடிசை இருந்த இடத்திலேயே மூன்று நான்கு மாடிக் குடியிருப்புகளைக் கட்டுகிறார்கள். ஏழு ஆண்டில் சென்னையில் குடிசையே இருக்காது என்கிறார்கள். 1971இல் சட்டமும் வருகிறது. குடிசைப்பகுதி என்று அறிவித்த இடத்தில் குடியிருப்பவரை உரிய அதிகாரியின் அனுமதி இல்லாமல் வெளியேற்ற நடவடிக்கை எடுக்க முடியாது என்று அதில் இருக்கிறது. அந்தச் சட்டத்தை யாரும் ரத்து செய்யவில்லை. ஆனால் 2000க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்களை 25 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

சட்டம் அப்படியே இருக்கும்போது இது எப்படி முடிந்தது? வழிகாட்டியிடம் கேட்டால் 'நவதாராளவாதம் என்று எழுதுங்கள், போதும்' என்கிறார். எனக்குப் போதவில்லை.

கடல்காகம்

வழிகாட்டி சொன்னதில் என்ன தப்பு, தோழர்? எல்லாவற்றுக்கும் மூலம் உலக வங்கி. 1977இல் சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் என்று கடன் கொடுத்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். 'இருக்கும் இடத்திலேயே மாடி வீடு கட்டுவது செலவு, மானியம் அதிகம், நிறுத்து' என்றார்கள். அன்றைக்கே திராவிட இயக்கத்தின் வீட்டுக் கொள்கை முடிந்தது. பெரும்பாக்கம் அதன் கடைசி அத்தியாயம், அவ்வளவுதான்.

அப்புறம் நீதிமன்றத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்களை வெளியேற்றக் கூடாது என்று தீர்ப்புக் கொடுத்தது. ஓல்கா டெல்லிஸ் வழக்கு. அதையே இங்கே மீறுகிறார்கள். கட்டுரை தயார்.

வேதகிரி (ஓய்வு, வருவாய்த் துறை)

கடல்காகம் தம்பி சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியை முத்தரசி அப்படியே எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

உலக வங்கி மாடி வீடு வேண்டாம் என்றது உண்மை. அதற்குப் பதிலாக அவர்கள் சொன்னவை இரண்டு. மனை பிரித்துத் தண்ணீர், கழிவுநீர்க் குழாய், கழிப்பறை மட்டும் கொடுத்து, வீட்டை அவரவர் கட்டிக்கொள்ளட்டும் என்பது ஒன்று. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் மனைகள் அப்படி வந்தவை. இருக்கிற குடிசைப்பகுதியை அங்கேயே வைத்துத் தெரு, விளக்கு, தண்ணீர் கொடுத்து மேம்படுத்துவது மற்றொன்று. இரண்டாவது வழியில் யாரையும் எங்கும் கொண்டுபோகவில்லை. பெரும்பாக்கம் இதற்கு நேர் எதிர் திசை: அரசே கட்டும் மாடி வீடு, அதுவும் ஊருக்கு வெளியே. உலக வங்கியின் 1977 கொள்கையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு நேர்கோடு போட்டால் கோடு வளையும்.

ஓல்கா டெல்லிஸ் வழக்கைத் தீர்ப்பின் கடைசிப் பகுதி வரைக்கும் படியுங்கள். பிழைப்புக்கான உரிமை உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று சொன்னது பெரிய விஷயம்தான். ஆனால் நடைபாதையை யாரும் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது, முறைப்படி அறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அவர்களுக்குக் கிடைத்தது அந்த மழைக்காலம் முடியும்வரை, அதாவது 1985 அக்டோபர் 31 வரை அவகாசம். மாற்று இடம் தர வேண்டும் என்று சொன்னது, 1976 கணக்கெடுப்பில் அட்டை வாங்கியவர்களுக்கு. இந்த அட்டையை நினைவில் வையுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

இப்போது முத்தரசியின் கேள்வி. சட்டம் காப்பது 'குடிசையில் இருப்பவரை' இல்லை. 'அறிவிக்கப்பட்ட குடிசைப்பகுதியில் இருப்பவரை'. மூன்றாவது பிரிவில் அறிவிக்கை வந்தால்தான் மற்ற பாதுகாப்பு எல்லாம். சென்னையில் 1971இல் 1,202 பகுதிகளை அறிவித்தார்கள். 1985இல் இன்னும் 17. அதோடு சரி. அதற்குப் பிறகு உண்டான குடிசைப்பகுதியும், அன்றைக்கே இருந்து பட்டியலில் விட்டுப்போனதும், அந்தச் சட்டத்தின் கண்ணுக்கே தெரியாது. சட்டத்தை ரத்து செய்ய வேண்டிய தேவையே வரவில்லை, பட்டியலில் சேர்ப்பதை நிறுத்தினாலே போதுமாக இருந்தது.

பட்டியலில் இல்லாதவர் யார்? அவர் வெறும் ஆக்கிரமிப்பாளர். அவருக்கு 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் இருக்கிறது. 7ஆவது பிரிவில் விளக்கம் கேட்டு அறிவிப்பு, 6ஆவது பிரிவில் வெளியேற்றம். ஏரியாக இருந்தால் 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், அந்த வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றுகூடக் கேட்காது.

குமரன் நகர் வாசி

ஐயா, நீங்கள் ஏரிச் சட்டம் பற்றிச் சொன்னதால் கேட்கிறேன். நாங்கள் தாம்பரம் பக்கம் 2004இல் மனை வாங்கி வீடு கட்டினோம். ஏரிக்கரை ஒட்டி இருக்கிறது. பட்டா உண்டு, வங்கிக் கடனும் கொடுத்தார்கள். சென்ற மாதம் யாரோ வந்து அளந்துவிட்டுப் போனார்கள். எங்களையும் பெரும்பாக்கத்துக்கு அனுப்புவார்களா? தயவுசெய்து சொல்லவும்.

முத்தரசி

சார், இது கட்டுரை பற்றிய இழை... பரவாயில்லை, யாருக்காவது தெரிந்தால் சொல்லட்டும்.

வேதகிரி ஐயா, 1985இல் அறிவிப்பது நின்றுபோனது என்பது எனக்குப் புதிது. ஆனால் அது 'எப்படி முடிந்தது' என்பதற்குத்தான் பதில். ஏன் பெரும்பாக்கம்? ஏன் அவ்வளவு தூரம்?

வேதகிரி (ஓய்வு, வருவாய்த் துறை)

தூரத்துக்குக் காரணம் கணக்கு, அம்மா. 2005இல் ஜவஹர்லால் நேரு நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டம் வந்தது. நகர்ப்புற ஏழைகள் வீட்டுக்குச் செலவில் பாதி மத்திய அரசு கொடுக்கும். ஆனால் நிலத்தின் விலைக்கு அதில் காசு கிடையாது, நிலம் மாநிலத்தின் பொறுப்பு. காலக்கெடுவும் உண்டு. நீங்கள் அதிகாரியாக இருந்தால் என்ன செய்வீர்கள்? மயிலாப்பூரிலும் சேத்துப்பட்டிலும் ஐம்பது ஐம்பது வீட்டுக்கு இடம் தேடுவீர்களா, இல்லை கையில் ஏற்கெனவே இருக்கிற ஒரே பெரிய நிலத்தில் இருபதாயிரம் வீட்டை ஒரே ஒப்பந்தத்தில் கட்டுவீர்களா? பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் அப்படி நிலம் இருந்தது. கண்ணகி நகரில் 2000இலேயே குடியேற்றம் தொடங்கிவிட்டதால் பாதையும் தெரிந்திருந்தது. கண்ணகி நகரின் முதல் வீடுகள் 200 சதுர அடிகூட இல்லை. பெரும்பாக்கத்தில் கொஞ்சம் பெரிது, ஆனால் எட்டு மாடி.

ஆக, வீடு முதலில் கட்டப்பட்டது. அதில் குடியேற்ற ஆள் பிறகு தேவைப்பட்டார்கள். 2015 டிசம்பர் வெள்ளம் அந்த ஆளைக் கொடுத்தது. கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களை 'உங்கள் பாதுகாப்புக்காக' என்று சொல்லி வேகமாக ஏற்றினார்கள். கூவம் சீரமைப்புத் திட்டத்துக்கு மட்டும் பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் கணக்கில் வந்தன. அவர்களை இறக்கிவிட்ட செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் அதே 2015இல் தண்ணீரில் நின்றவை. கட்டுரையில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

குமரன் நகர் நண்பருக்கு: பெரும்பாக்கம் உங்களுக்குத் தரமாட்டார்கள், அது வேறு கதை. பட்டா இருப்பது மட்டும் போதாது. அ-பதிவேட்டில் அந்தப் புல எண் என்ன வகைப்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். 'ஏரி' என்றோ 'உள்வாய்' என்றோ இருந்தால் வழக்கறிஞரைப் பாருங்கள்.

மாம்பலம் மோகன்

எல்லோரும் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள். ஒரு சாதாரண வரி கட்டுகிறவன் கேள்வி கேட்கலாமா? ஆற்றுக்குள் வீடு கட்டினால் வெள்ளம் வந்தால் எங்கள் தெருவும் மூழ்குகிறது. அரசு இலவசமாக அடுக்குமாடி வீடு கொடுக்கிறது. அதை வாடகைக்கு விட்டுவிட்டு, இல்லை விற்றுவிட்டு, திரும்ப ஆற்றோரம் வந்து ஓலை போடுகிறார்கள். எங்கள் வீட்டில் வேலை செய்த அம்மாவே அப்படித்தான். இதில் அரசியல் என்ன இருக்கிறது?

தேவி, பெரும்பாக்கம்

அந்த வேலை செய்த அம்மா மாதிரி ஆள்தான் நான். என் அம்மாவும் வீட்டு வேலைதான். அதனால் பதில் சொல்கிறேன் சார்.

நாங்கள் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் கூவம் ஓரம் இருந்தோம். நான் பிறந்ததே அங்கேதான். அம்மா நடந்தே போய் மூன்று வீட்டில் வேலை செய்துவிட்டுப் பத்து மணிக்குத் திரும்பி வருவாள், மதியம் மறுபடியும் போவாள். அப்பா மீன் மார்க்கெட்டில் கூடை தூக்குகிறவர், இரவு இரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். பெரும்பாக்கத்திலிருந்து இரவு இரண்டு மணிக்கு எந்த பஸ்? அப்பா மார்க்கெட் வாசலிலேயே படுக்க ஆரம்பித்தார். வாரம் ஒரு நாள் வீட்டுக்கு வருவார். சார் பாஷையில் இதுவும் 'திரும்ப வந்துவிட்டார்கள்' கணக்கில்தான் சேரும்.

இலவசம் என்றீர்கள். வீடு மாறும் செலவுக்கு 5,000, மாதம் 2,500 வீதம் ஒரு வருஷம். அது நல்ல உதவிதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அம்மா வேலை செய்த மூன்று வீடும் முதல் மாதமே போய்விட்டது. காலை ஆறு மணிக்கு வாசல் தெளிக்க வருகிறவள்தான் அவர்களுக்கு வேண்டும், பத்து மணிக்கு வருகிறவள் எதற்கு? பராமரிப்புக் கட்டணம் என்று மாதம் 750 கேட்டார்கள். லிஃப்ட் நின்றுபோனால் ஏழாவது மாடிக்குத் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏற வேண்டும். பாட்டி எங்களோடு வந்த பிறகு கீழே இறங்கியதே கொஞ்ச நாள்தான்.

2021லிருந்து சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றானதும் அம்மா திரும்ப வேலைக்குப் போகிறாள். அது நிஜமாகவே பெரிய உதவி. ஆனால் நாலு மணிக்கு எழுந்திருக்கிறாள்.

வீடு விற்றவர்கள் இருக்கிறார்கள். எங்கள் மாடியிலேயே இரண்டு வீடு. ஒருவர் கடனுக்காக. இன்னொருவர் ஏன் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

ஜெனி

நான் சில வருஷம் ஒப்பந்த ஊழியராகக் கணக்கெடுப்புக்குப் போனவள். எந்த ஊர், எந்தத் திட்டம் என்று சொல்லவில்லை. முத்தரசி, கட்டுரையில் எல்லோரும் விட்டுவிடுகிற விஷயம் ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்தால் உங்களுக்கு உபயோகமாக இருக்கும்.

காலையில் போவோம். ஒவ்வொரு கதவிலும் பெயிண்டில் எண் போடுவோம். குடும்பத் தலைவரை அந்த எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து போட்டோ. ரேஷன் அட்டை, ஆதார், வாக்காளர் அட்டை, கைரேகை. கேட்கும்போது நேராகத் தோன்றும். இப்போது இதெல்லாம் எப்படி எழுதுவது என்று பாருங்கள்:

ஒரே கதவு, உள்ளே மூன்று அடுப்பு. அப்பா, கல்யாணமான இரண்டு மகன்கள். ரேஷன் அட்டை ஒன்றுதான். ஒரு குடும்பமா, மூன்றா? அட்டை ஒன்று என்றால் பெரும்பாலும் ஒன்று என்றுதான் விழும்.

கதவு பூட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டம்மா 'கட்டட வேலைக்குப் பெங்களூர் போயிருக்காங்க, வெள்ளிக்கிழமை வந்துடுவாங்க' என்கிறார். நாங்கள் வெள்ளிக்கிழமை வேறு தெருவில் இருப்போம்.

வாடகைக்கு இருப்பவர் பதினைந்து வருஷமாக அங்கே இருக்கிறார். குடிசைக்குச் 'சொந்தக்காரர்' அடுத்த தெருவில் இருக்கிறார். போட்டோவில் யார் நிற்பது? இதில்தான் அடிதடியே வரும். அந்த ஏரியாவில் கட்சி ஆள் யாராவது வந்து பஞ்சாயத்து செய்வார். அவர் சொல்கிற பெயர் பட்டியலில் ஏறும். அவர் எல்லா நேரமும் தப்பாகச் சொல்வார் என்றில்லை, அங்கே யார் எத்தனை வருஷம் என்பது எங்களைவிட அவருக்குத்தான் தெரியும். பிரச்சினை என்னவென்றால் அவருக்கு வேண்டாதவர் ஒருவர் எப்போதும் இருப்பார்.

ஆகவே வெளியேற்றம் புல்டோசர் வரும் நாளில் நடப்பதாக நினைக்காதீர்கள். அன்றைக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். யாருக்கு மாற்று வீடு, யாருக்கு இல்லை என்பது கதவில் எண் போட்ட அந்த நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

தேவி, பெரும்பாக்கம்

ஜெனி அக்கா சொன்ன மூன்று அடுப்பு எங்கள் வீட்டுக் கதைதான். அண்ணனுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம், தனி அட்டைக்கு எழுதிக் கொடுத்து வரவில்லை. எங்களுக்கு ஒரே டோக்கன். ஒரு ரூமில் எப்படி? அண்ணி பிள்ளையோடு வியாசர்பாடியில் வாடகைக்குப் போய்விட்டாள். கணக்கெடுக்க வந்தவர்களிடம் சொன்னோம், 'மனு கொடுங்க' என்றார்கள். கொடுத்தோம்.

வேதகிரி (ஓய்வு, வருவாய்த் துறை)

ஜெனி சொன்னதைத்தான் பம்பாய் அட்டையோடு சேர்த்துப் பார்க்கச் சொன்னேன். அங்கே 1976 அட்டை, பிறகு 1995 ஜனவரி 1க்கு முன் இருந்தவர், பிறகு 2000 ஜனவரி 1க்கு முன் இருந்தவர் என்று தேதி நகர்ந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு முறை நகர்ந்ததற்குப் பின்னாலும் அரசியல் பேரம் உண்டு. தேதி கொடுமையானது, ஆனால் எல்லோருக்கும் தெரிந்த தேதி. அதைக் காட்டி வழக்குப் போடலாம், தேர்தலில் கேட்கலாம். சென்னையில் அப்படிச் சட்டத்தில் எழுதிய தேதி கிடையாது. கணக்கெடுப்பு நடந்த நாள்தான் தேதி. அந்த நாளும் ஒவ்வொரு திட்டத்துக்கும் வேறு. இந்த வேறுபாட்டை வைத்தே ஒரு கட்டுரை எழுதலாம்.

இன்னொரு காகிதம் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் துறையில் பி மெமோ என்று ஒன்று. அரசு நிலத்தில் அனுமதி இல்லாமல் இருக்கிறாய், இவ்வளவு அபராதம் கட்டு என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதிக் கொடுப்பது. அதாவது குற்றச்சாட்டுக் காகிதம். அதை ஜனங்கள் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். 1983இல் நான் இங்கேதான் இருந்தேன் என்பதற்கு அரசாங்கமே கையெழுத்துப் போட்ட ஆதாரம் வேறு எது இருக்கிறது? பட்டா கேட்டுப் போகும்போது அதைத்தான் முதலில் நீட்டுவார்கள். சில பேர் பி மெமோ போடச் சொல்லி எங்களிடம் கெஞ்சியதையும் பார்த்திருக்கிறேன்.

பார்த்தா சாட்டர்ஜி 'அரசியல் சமூகம்' என்று சொல்வதை உங்கள் பாடத்தில் வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். சட்டப்படி உரிமை இல்லாதவர்கள், மக்கள்தொகையின் ஒரு பிரிவாகத் தங்களைக் காட்டி, ஓட்டையும் பேரத்தையும் வைத்து அரசிடம் சலுகை வாங்குவது. பி மெமோவை உதாரணமாகக் கொடுத்தால் அது புரியும்.

கடல்காகம்

ஐயா, உலக வங்கி விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போக மாட்டேன். மனைத் திட்டம் நல்லது என்கிற மாதிரி சொல்கிறீர்கள். வீடு என்பது உரிமை என்று இருந்ததை, 'கட்டக்கூடிய அளவுக்குக் கட்டு, தவணை செலுத்து' என்று மாற்றியது அவர்கள்தான். அந்த மனப்போக்கு இல்லாமல் பெரும்பாக்கத்தில் 750 ரூபாய் பராமரிப்பு எங்கிருந்து வந்தது?

ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பை இப்போது படித்தேன், நீங்கள் சொன்னது சரி. ஆனால் நீதிமன்றம் பற்றி நான் சொன்ன திசை தப்பில்லை. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் என்ன நடந்தது? உச்ச நீதிமன்ற உத்தரவைக் காட்டித்தான் பக்கிங்காம் கால்வாய் ஓரத்து வீடுகளை இடித்தார்கள். ஒருவர் தீக்குளித்து இறந்தார்.

வேதகிரி (ஓய்வு, வருவாய்த் துறை)

பராமரிப்புக் கட்டணம் பற்றிச் சொன்னது நியாயமான வாதம், ஒப்புக்கொள்கிறேன். மனப்போக்குக்கு அங்கே வேர் இருக்கலாம். இடத்துக்கு இல்லை.

கோவிந்தசாமி நகரை முத்தரசி கட்டாயம் பார்க்க வேண்டும். அங்கே இடிக்கும்போது மாற்று வீடு என்று காட்டியது பெரும்பாக்கத்தை. அந்த மரணத்துக்குப் பிறகு முதல்வர் சட்டமன்றத்தில் எழுந்து, அவர்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதிகளில் வாரியக் குடியிருப்புகளில் வீடு தரப்படும் என்றார். அதுவரை 'நகருக்குள் இடமே இல்லை' என்பதுதான் பதில். ஒரு வாரத்துக்குள் இடம் இருந்தது. இடம் இருக்கிறதா இல்லையா என்பதை நில அளவையர் மட்டும் முடிவு செய்வதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அதே பக்கிங்காம் கால்வாய்க்குள்தான் பறக்கும் ரயிலின் தூண்களும் நிலையங்களும் நிற்கின்றன. சேப்பாக்கத்திலிருந்து திருவான்மியூர் வரை போய்ப் பாருங்கள். மோகன் சார், தண்ணீர் ஓட்டத்தைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது நியாயம். அந்தக் கவலையோடு இதையும் பாருங்கள். கூவத்தில் துறைமுகம்–மதுரவாயல் உயர்மட்டச் சாலைக்குத் தூண் போட்டார்கள். 2009இல் அடிக்கல். 2012இல் ஆற்றின் ஓட்டத்தைத் தடுக்கிறது என்று மாநில அரசே நிறுத்தியது. கரையில் இருந்தவர்களில் ஒரு பகுதியினர் அதற்குள் கிளப்பப்பட்டாயிற்று. சாலை வராமல் தூண் மட்டும் பல வருஷம் நின்றது.

வருவாய்க் கணக்கில் புறம்போக்கை 'ஆட்சேபகரமானது', 'ஆட்சேபகரமற்றது' என்று பிரிப்போம். ஆற்றோரம், சாலையோரம், நீர்நிலை எல்லாம் ஆட்சேபகரம், அங்கே பட்டா கிடையாது. குடிசைக்கு அந்த முத்திரை விழுந்தால் பிறகு பேச்சே இல்லை. ரயிலுக்கும் மேம்பாலத்துக்கும் அந்த முத்திரையை நான் என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை.

மாம்பலம் மோகன்

ரயிலில் லட்சம் பேர் போகிறார்கள் சார், அதோடு இதை ஒப்பிடலாமா? பொது உபயோகம் வேறு.

தேவி அம்மா சொன்னதைப் படித்தேன். இரவு இரண்டு மணி பஸ் எனக்குத் தோன்றாத விஷயம். ஆனாலும் கேட்கிறேன்: ஆற்றோரத்திலேயே விட்டுவிடலாமா? அடுத்த வெள்ளத்தில் பிள்ளைகள் போனால் யார் பொறுப்பு?

தேவி, பெரும்பாக்கம்

ஆற்றோரத்திலேயே விடுங்கள் என்று நான் சொல்லவில்லையே சார். 2015இல் கழுத்தளவு தண்ணீரில் தம்பியைத் தூக்கிக்கொண்டு நின்றது நான்தான். நாங்கள் கேட்டது புதுப்பேட்டை, சிந்தாதிரிப்பேட்டை, இல்லையென்றால் புளியந்தோப்பு. அங்கே தரமுடியாது என்றார்கள். புளியந்தோப்பில் கட்டிய வீட்டைப் பற்றி டிவியில் பார்த்தேன், சுவரைத் தொட்டால் பூச்சு உதிர்கிறது. அதைப் பார்த்த பிறகு எது தேவலாம் என்று எனக்கே குழப்பம்.

இங்கேயும் எல்லாம் மோசம் என்று எழுதிவிடாதீர்கள், முத்தரசி. மழைக்கு ஒழுகாது. பெண்களுக்கு வீட்டுக்குள் கழிப்பறை இருக்கிறது. அது இல்லாமல் இருபது வருஷம் இருந்தவளுக்குத்தான் தெரியும். ஆனால் வேலைக்கு விண்ணப்பம் போடும்போது விலாசம் எழுதக் கை தயங்குகிறது. கண்ணகி நகர்ப் பிள்ளைகளும் இதையேதான் சொல்வார்கள். அந்த ஊர் கார்த்திகா 2025இல் ஆசிய இளையோர் கபடியில் தங்கம் வாங்கி வந்ததும் எங்கள் பிளாக்கில்கூடப் பட்டாசு வெடித்தார்கள்.

முத்தரசி

எல்லோருக்கும் நன்றி. தேவி அக்கா, கட்டாயம் இரண்டு பக்கமும் எழுதுகிறேன்.

ஒரு கேள்வி. அடுத்த மாதம் பெரும்பாக்கத்துக்குப் போய்ச் சில குடும்பங்களைச் சந்திக்க அனுமதி வாங்கியிருக்கிறேன். வினாத்தாளில் 'புதிய வீடு திருப்தியாக இருக்கிறதா, ஆம்/இல்லை' என்று தொடங்கியிருந்தேன். இப்போது அது அசட்டுத்தனமாகத் தெரிகிறது. என்ன கேட்பது?

ஜெனி

திருப்தியா என்று கேட்டால், நீங்கள் அரசாங்கத்து ஆள் என்று நினைத்தவர் 'நல்லா இருக்கு' என்பார். பத்திரிகை என்று நினைத்தவர் 'ஒண்ணும் சரியில்லை' என்பார். இரண்டையும் வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

தேதி கேளுங்கள். இங்கே வந்த தேதி. பிள்ளையின் டி.சி. பழைய பள்ளியிலிருந்து வாங்கிய தேதி. ரேஷன் அட்டை இந்தக் கடைக்கு மாறிய தேதி. பழைய வேலையில் கடைசியாகச் சம்பளம் வாங்கிய மாதம், இங்கே முதல் சம்பளம் வாங்கிய மாதம். காகிதத்தைப் பார்த்தே எழுதிக்கொள்ளலாம், சண்டை வராது. வந்ததற்கும் டி.சி. மாறியதற்கும் நடுவில் ஒரு வருஷம் இருந்தால் அந்தப் பிள்ளை அந்த வருஷம் எங்கே இருந்தது என்று கேளுங்கள். பாட்டி வீட்டிலா, பஸ்ஸிலா, இல்லை படிப்பே நின்றதா. கூவம் ஓரம் சத்தியவாணிமுத்து நகரில் 2019 டிசம்பரில் எடுத்தார்கள், பாதிப் படிப்பு ஆண்டில். அங்கிருந்து வந்தவர்களிடம் இந்த இடைவெளி கண்டிப்பாகத் தெரியும்.

மோகன் சார் சொன்ன 'விற்றுவிட்டுப் போகிறார்கள்' என்பதையும் இதே போலச் சோதிக்கலாம். எப்போது போனார்கள் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். மாதம் 2,500 வந்து நின்றதையொட்டிப் போயிருந்தால் அது ஒரு கதை. ஐந்து வருஷம் கழித்து நல்ல விலைக்குக் கொடுத்திருந்தால் அது வேறு கதை. பத்திரம் இன்னும் கையில் வராததால் வெறும் எழுத்தில்தான் கைமாறும், ஆகவே வாங்கியவரும் உங்களிடம் லேசில் பேசமாட்டார்.

பூட்டிய வீடுகளையும் எண்ணுங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை, வேலை நாளில் ஒரு முறை. இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் அவை காலி வீடுகள் இல்லை, தேவியின் அப்பா மாதிரி ஆட்களின் வீடுகள்.

வேதகிரி (ஓய்வு, வருவாய்த் துறை)

இதோடு வீட்டுவசதித் துறையின் கொள்கை விளக்கக் குறிப்புகளை வருஷ வரிசையில் படியுங்கள். மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைப்பது, இணையத்தில் கிடைக்கும். 'ஆட்சேபகரமான இடங்களில் வசிக்கும் குடும்பங்கள்' என்ற தொடர் எந்த வருஷத்தில் எந்தத் திட்டத்தோடு சேர்ந்து வருகிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். 2021இல் வாரியத்தின் பெயரிலிருந்தே 'குடிசை' போய் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாடு' ஆனது, அதே வருஷம் மறுகுடியமர்வுக்கு ஒரு வரைவுக் கொள்கையும் வந்தது. வரைவில் எதைச் சேர்த்தார்கள், தேவி வீட்டு மூன்று அடுப்புக்கு அதில் பதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மோகன் சார் கேட்ட கடைசிக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆற்றின் கரைக்குள் யாரும் இருக்க முடியாது என்பதுதான் என் கருத்தும். எத்தனை கிலோமீட்டருக்குள் வீடு தர வேண்டும் என்பதில்தான் என் சண்டை.

கடல்காகம்

கரைக்குள் யாரும் இருக்க முடியாது என்பதையே ஏற்க மாட்டேன். மீனவர் குப்பத்தை என்ன செய்வீர்கள்? நொச்சிக்குப்பத்தில் அங்கேயே மாடி வீடு கட்டினார்களா இல்லையா? அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

குமரன் நகர் வாசி

வேதகிரி ஐயா, அ-பதிவேடு எங்கே பார்ப்பது? தாலுகா அலுவலகம் போக வேண்டுமா?

வேதகிரி (ஓய்வு, வருவாய்த் துறை)

வேண்டாம். eservices.tn.gov.in தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் வரும். முத்தரசிக்கும் இது உதவும், ஆனால் சென்னை நகருக்குள் உள்ள இடத்துக்கு அ-பதிவேடு வராது, நகர நில அளவைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். பழைய புல எண்ணும் புதிய எண்ணும் வேறாக இருக்கும். கூவம் ஓரத்து எண் ஏதாவது சிக்கினால் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.